பலகைக்கு ஒன்று, மலருக்கு ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் பள்ளி இலக்கிய மன்ற விழாவுக்கு ஒரு மாதிரி அறிக்கை வந்திருந்தது. பிழையில்லை, நிகழ்ச்சி வரிசையும் சரி. ஆனால் அதை அப்படியே அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம், ஆண்டு மலரிலும் சேர்க்கலாம் என்று கீழே குறிப்பு போட்டிருந்தீர்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் தமிழாசிரியராகவும் மலர்க் குழுவிலும் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பலகையைப் படிக்கிற பிள்ளைகள் விழாவில் உட்கார்ந்திருந்தவர்கள். தமிழ்த்தாய் வாழ்த்து பாடியதும் வரவேற்புரை நடந்ததும் அவர்களுக்கே தெரியும். மணி அடிப்பதற்குள் அவர்கள் எட்டிப் பார்ப்பது பரிசுப் பட்டியலைத்தான். எனவே பட்டியல் மேலே வரட்டும், விவரம் கீழே போகட்டும். ஒரே தாளில், பெரிய எழுத்தில், விழா முடிந்த மறுநாளே ஒட்டிவிட வேண்டும். பெயர்களை வருகைப் பதிவேட்டைப் பார்த்து முன்னெழுத்து, வகுப்பு, பிரிவோடு எழுத வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருப்பது நம் ஊரில் அதிசயமா என்ன? இரண்டாம் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டதால் மூன்றாம் பரிசு இல்லை என்றால் அதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்று மதியமே ஆசிரியர் அறை வாசலில் கேள்வி வந்து நிற்கும். அடுத்த கட்டப் போட்டிக்குப் போகிறவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி, கடைசியில் பொறுப்பாசிரியர், தலைமையாசிரியர் கையொப்பம், தேதி. பலகைக்கு இவ்வளவு போதும்.

மலரைப் படிப்பவர்கள் வேறு. விழாவுக்கு வராதவர்கள், பல வருடம் கழித்துப் புரட்டுகிறவர்கள். ‘நேற்று நம் பள்ளியில்’ என்பதும் ‘கடந்த வெள்ளியன்று’ என்பதும் அவர்களுக்கு எதையும் சொல்லாது. நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். பலகையில் பரிசு பெற்றவர்கள் மட்டும் இருந்தால் போதும், மலரில் மேடையேறிய எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் முதன்முதலாக ஒலிபெருக்கி முன் நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

இனி, மலர்களில் நான் அடிக்கடி பார்த்த ஒரு கோளாறு. விழா ஜூலையிலோ ஆகஸ்டிலோ நடந்திருக்கும். மலர் அச்சுக்குப் போவது கல்வியாண்டின் கடைசியில். அதற்குள் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அப்போது அழைப்பிதழைத் தேடியெடுத்து, ‘தலைமை தாங்குவார்’ என்பதைத் ‘தலைமை தாங்கினார்’ என்று மாற்றுவார்கள், அறிக்கை தயார்! ஒரு பள்ளி மலரில், உடல்நிலை சரியில்லாமல் வராமலே போன சிறப்பு விருந்தினர் ‘எழுச்சியுரை ஆற்றினார்’ என்று அச்சாகியிருந்தது. இந்த வகை அறிக்கையைக் கண்டுபிடிப்பது சுலபம். யார் பேசினார்கள் என்று முழுக்க இருக்கும், என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

இதற்கு மாற்று பெரிய வேலையில்லை. மேடைப் பொறுப்பு எதுவும் இல்லாத ஒரு மாணவரை முன் வரிசையில் நோட்டுடன் உட்கார வைத்தால் போதும். விழா உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, அழைப்பிதழிலிருந்து எது மாறியது, ஒவ்வொருவர் பேச்சிலிருந்தும் ஒரு கருத்து, இவ்வளவுதான் அவர் எழுத வேண்டியது. அன்று மாலையே அதை மன்றப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் மலருக்கான அறிக்கை பாதி முடிந்த மாதிரி.

ஓர் உதாரணம். கோவலன் கொலைக்குப் பெரிதும் காரணம் பொற்கொல்லனின் வஞ்சகமா, பாண்டியனின் அவசரமா என்று ஒரு பட்டிமன்றம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அறிக்கை, ‘மாணவர்கள் காரசாரமாக வாதிட்டனர். பட்டிமன்றம் அனைவரையும் கவர்ந்தது’ என்று முடித்துவிடும். எந்தப் பள்ளிக்கும் எந்தத் தலைப்புக்கும் இது பொருந்தும். நோட்டில் குறிப்பு இருந்தால் இப்படி எழுதலாம்: ‘அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன. வழக்கைத் தீர்க்கச் சிலம்பை உடைத்துப் பார்ப்பதே போதும் என்றால், அதை அரண்மனை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எட்டாம் வகுப்பு மாணவி கேட்டார். பொன் விஷயத்தில் அரசன் பொற்கொல்லனை நம்பாமல் வேறு யாரை நம்புவான் என்று எதிரணி மடக்கியது. நடுவர் பாண்டியனின் அவசரமே என்று தீர்ப்பளித்தார்.’ நாலே வாக்கியம்தான். வாதமும் தெரிகிறது, பிள்ளைகளும் தெரிகிறார்கள். ‘காரசாரம்’ என்று நாம் சொல்லத் தேவையே இல்லை.

இடமில்லை என்பார்கள். விருந்தினர்களின் பட்டங்களையும் பதவிகளையும் ஒருமுறை சொல்லி விட்டுவிட்டால் நிறைய இடம் கிடைக்கும். படத்தின் கீழே ‘விழாக் காட்சி’ என்று போடுவதற்குப் பதில், இடமிருந்து வலமாகப் பெயர்களைப் போடலாம்.

அடுத்த முறை இரண்டு மாதிரிகளாக வெளியிடுங்கள் ஐயா. நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது என்ற வரி இரண்டிலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருச்சி மாவட்டம்.