அவர் சொன்ன சாட்சியை அவர் சொன்னபடியே விடுங்கள்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் நம் சகோதரர், குடியை விட்டதைப் பற்றி மூன்று நிமிடம் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உடனே கூட்டத்தை நடத்தியவர் மைக்கை வாங்கி, "டாக்டர்களே கைவிட்டவர்! மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் ஒரே ராத்திரியில் கர்த்தர் விடுதலை தந்தார், அல்லேலூயா!" என்றார். சகோதரர் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை, அவருக்குச் சொல்லிக்கொடுக்க நீங்கள் நியமித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் எழுதிக்கொண்டு வந்ததிலும் "டாக்டர் கையை விரித்துவிட்டார்" என்றுதான் இருந்தது. "டாக்டர் வாயால் என்ன சொன்னார், அதை அப்படியே சொல்லுங்கண்ணா" என்றேன். சற்று யோசித்தார். "இப்படியே குடிச்சா லிவர் போயிரும், மாத்திரை எழுதித் தரேன், நிறுத்தாம சாப்பிடுன்னாரும்மா" என்றார். அதையே எழுதினோம். "உளையான சேற்றில் கிடந்தேன்" என்ற வரியைப் படித்ததும், "இதைப் பட்டறையில் கூட வேலை செய்யறவங்ககிட்ட இப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சனிக்கிழமை கூலி வாங்கினா வீட்டுக்குப் பாதிதான் போகும், பொண்ணு ஸ்கூல் ஃபீஸையும் குடிச்சிருக்கேன்" என்றார். சேற்றை அடித்துவிட்டு ஸ்கூல் ஃபீஸை எழுதினோம். சங்கீத வசனம் பொய் என்பதற்காக எடுக்கவில்லை. அது தாவீதின் அனுபவம். இவருடையது சனிக்கிழமைக் கூலி.

பிறகு கடிகாரத்தை வைத்து வாசிக்கச் சொன்னேன். ஏழு நிமிடம் ஆனது, அதில் ஐந்து நிமிடம் குடித்த கதை. அகிரிப்பா ராஜாவின் முன்னால் பவுல் பேசிய முறையில்தான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். பழைய வாழ்க்கைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. மனைவியை அடித்ததைச் சொல்லலாமா என்று அந்த அம்மாவிடமே கேட்டோம். வேண்டாம் என்றார். எடுத்துவிட்டோம்.

கடினமாக இருந்தது நடுப்பகுதிதான். ஜெபித்த அன்றே குடி விட்டதாக எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்த மனைவி பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். விசாரித்தால், ஆடிப் பண்டிகைக்குப் பட்டறை மூடியிருந்த நாளில் மறுபடியும் குடித்திருக்கிறார். ஜெபமும் அரசு ஆஸ்பத்திரி மாத்திரையுமாக முழுதாக நிற்க ஆறு மாதம் ஆகியிருக்கிறது. "இதைச் சொன்னா கர்த்தருக்கு மகிமைக் குறைச்சல் இல்லையாம்மா?" என்று கேட்டார். "விழுந்தப்புறமும் அவர் உங்களை விடலையே, அதைத்தான் சொல்லப்போறீங்க" என்றேன். மனப்பாடம் செய்யவிடவில்லை. கூலி, டாக்டர், ஆடி, பொண்ணு என்று நான்கே சொல் எழுதிய துண்டுச் சீட்டோடு மேடை ஏறினார். ஆடியில் விழுந்ததைக் குரல் நடுங்கச் சொன்னார். மூன்று நிமிடத்தில் முடித்தார்.

அந்த ஆறு மாதத்தைத்தான் கூட்டத்தை நடத்தியவர் ஒரே ராத்திரி ஆக்கினார்.

அவர் முதன்முறையாகச் சபைக்கு அழைத்து வந்த பட்டறை நண்பர் கடைசி பெஞ்சில் இருந்தார். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட வரிசையில் கூட நின்றவரே அவர்தான். ஜெபம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். மறுநாள் பட்டறையில், "உங்க சபையில பொய்தானே சொல்றாங்க" என்று கேட்டிருக்கிறார். நம் சகோதரர் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறார். போதாததற்கு, அன்று சாயந்திரமே ஒரு சகோதரி என்னிடம், "அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் மாத்திரையை நிறுத்திரலாமா?" என்று கேட்டார். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் வைத்தியம் இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும், ஐயா. உயிரே போகலாம். மேடையில் சேர்த்த ஒரு வரிக்கு யார் பொறுப்பு?

இது இந்த ஒரு ஞாயிறோடு நிற்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னால் மரணப்படுக்கை ஆகிறது, கடன் அடைந்தது என்று சொன்னால் லட்சங்கள் ஆகின்றன. அதனால் சாதாரண வாழ்க்கை வாழும் விசுவாசிகள், "எங்களுக்குப் பெருசா ஒண்ணும் நடக்கலையே" என்று சாட்சி சொல்லவே பயப்படுகிறார்கள். பிறவிக் குருடன் பரிசேயரிடம் தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும்தான் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: சாட்சியை அவரவர் சொன்னபடியே விடுங்கள். முடிந்ததும் ஒரு பாட்டோ ஜெபமோ போதும், விளக்கம் வேண்டாம். வருகிற ஞாயிறு அறிவிப்பு வேளையில், சகோதரர் வைத்தியமும் எடுத்துக்கொண்டார், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று போதகர் ஐயாவே சொல்லும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். பட்டறை நண்பரை அன்றைக்கு மறுபடியும் அழைத்துப் பார்ப்பதாகச் சகோதரர் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவுக்குள்,
சாட்சி ஆயத்த வகுப்பு நடத்தும் உங்கள் சகோதரி,
சேலம்