காலிக்குடமும் 'திடீர்' மறியலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனில இருக்கற என் தோழி ஒரு தமிழ் பேப்பர் துண்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா. தலைப்பு இதுதான்: "காலிக்குடங்களுடன் பெண்கள் 'திடீர்' மறியல்: அதிகாரிகள் சமரசம்". நமக்கு ஒரு நொடில புரிஞ்சிடும், ஆனா இத அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல போட்டா தப்பா போயிடும்.

ஏன்னா இதுல வினைச்சொல்லே கிடையாது, 'செய்தனர்' எல்லாத்தையும் இடம் பத்தாம வெட்டிடுறாங்க, அதனால முதல்ல தமிழ்லயே முழு வாக்கியமா விரிச்சு எழுதிக்கணும், தண்ணி வராததால பெண்கள் காலிக்குடத்தோட ரோட்ல உக்காந்து மறியல் பண்ணாங்க, அதிகாரிங்க வந்து பேசி சமாதானப்படுத்தினாங்க, அவ்ளோதான். அப்புறம் இங்கிலீஷ் பேப்பர் வழக்கப்படி நிகழ்காலத்துல 'விமன் பிளாக் ரோட் வித் எம்ப்டி வாட்டர் பாட்ஸ்'னு போட்டா சரியா உக்காருது.

பெரிய ஆபத்து 'சமரசம்'தான். அகராதிய பாத்து காம்ப்ரமைஸ்னு போட்டா அதிகாரிங்க இறங்கி வந்து எதையோ விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும். உள்ள செய்திய படிச்சா 'நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்ததை அடுத்து கலைந்து சென்றனர்'னு இருக்கு, அதாவது கிடைச்சது வாய்வார்த்தை மட்டும்தான், தண்ணி இல்ல. அதனால தலைப்ப மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடி கடைசி பாரா வரைக்கும் படிச்சே ஆகணும்.

'திடீர்'ங்கறதுக்கு போட்ட ஒத்தை மேற்கோள் குறியும் அப்படித்தான். நம்ம பேப்பர்ல அது சும்மா அழுத்தத்துக்கு, இங்கிலீஷ் வாசகர் அத யாரோ சொன்னதுன்னோ, இல்ல ரிப்போர்ட்டர் நம்பாம எழுதறாருன்னோ எடுத்துக்குவாங்க. குறிய எடுத்துடணும். முன்னறிவிப்பு இல்லாமங்கறது தேவைன்னா கீழ செய்தில சொல்லிக்கலாம்.

குடத்த பத்தி மட்டும் அவளுக்கு தனியா நாலு வரி எழுதினேன். தண்ணி பிடிக்க போற வழில உக்காந்துட்டாங்களான்னு கேட்டா, பாவம். நம்ம ஊர்ல பெரியவங்கள பூரணகும்பத்தோட, நிறைகுடத்தோட வரவேற்கறோம், வெளிய கிளம்பறப்ப காலிக்குடம் எதுர வந்தா சகுனம் சரியில்லம்பாங்க, அப்படி இருக்கறப்ப வீட்டு குடத்த கொண்டாந்து நடுரோட்ல அதிகாரி முன்னாடி வரிசையா வைக்கறது தண்ணி கேக்கறது மட்டும் இல்ல, அவர குத்திக்காட்டறதும்தான். இத தலைப்புக்குள்ள திணிக்க முடியாது, அடைப்புக்குறி போட்டா வாக்கியம் நொண்டும், கீழ குறிப்பா வைக்கறதுதான் நல்லது.

ஒண்ணு மட்டும் எவ்ளோ பாத்தும் தீரல. செய்தில 'நேற்று காலை'ன்னு இருக்கு, ஆனா துண்ட வெட்டினப்ப பக்கத்துக்கு மேல இருக்கற தேதி போயிடுச்சு, எந்த வருஷ கோடைன்னே அவளுக்கு சொல்ல முடியல. துண்ட போட்டோ எடுக்கறவங்க பக்கத்தோட மேல் ஓரத்தையும் சேத்து எடுங்க. நீங்களும் ஒவ்வொரு செய்தி ஆரம்பத்துலயும் ஊர் பேரோட தேதி, மாசம், வருஷம் மூணையும் போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும் சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி