சனிக்கிழமை வகுப்பு: பகிரப்படும் செய்தி உண்மையா?

பெற்றோர்களுக்கு வணக்கம்.

உயர்நிலை 1, 2 பிள்ளைகளுக்கான வகுப்பு வரும் சனிக்கிழமை (7ஆம் தேதி) காலை 10 முதல் 11.30 வரை, சமூக மன்றம் இரண்டாம் மாடியில்.

2016இல் பொங்கோலில் ஒரு வீவக கட்டடத்தின் கூரை இடிந்துவிட்டதாகப் படத்தோடு செய்தி பரவியது. காவல்துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் விரைந்தன. கூரை அப்படியே இருந்தது. படம் எடுத்த கோணம்தான் அப்படிக் காட்டியது. படம் உண்மை, வாசகம் பொய். பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான், "படம் இருக்கேம்மா!" என்பார்கள். படத்தைத் தேடுபொறியில் போட்டால் பழைய படம் சிக்கும். புதுப் படம் சிக்காது. அப்போது அதே இடத்தை வேறு யார் படமெடுத்தார்கள், அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். வகுப்பில் இதையே செய்து பார்க்கிறோம்.

1. உங்களுக்கு வந்த, சந்தேகமான ஒரு செய்தியைத் திரைப்பிடிப்பாக எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம், அங்கிருந்தே மறுபடி பரவும்.
2. அனுப்பியவர் பெயர், எண்ணை மறைத்துவிடுங்கள்.
3. பிள்ளையிடம் மின்னூட்டிய கைப்பேசி இருக்கட்டும்.

வருபவர்கள் வியாழன் இரவு 9 மணிக்குள் பிள்ளையின் பெயரும் வகுப்பும் இங்கே பதிலிடுங்கள். இடம் 20 பேருக்குத்தான்.