ரெனால்ட்ஸ் எண் சோதனைக் கருவியின் சாய ஊசி, குழாய் விட்டம் ஆகியவற்றிலுள்ள குறைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
பொறுப்பு விரிவுரையாளர்,
பாய்ம இயக்கவியல் ஆய்வகம்,
அரசு பாலிடெக்னிக் கல்லூரி.

பெறுநர்:
மேலாளர்,
விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் நிறுவனம் வழங்கிய ரெனால்ட்ஸ் கருவியில் சாய ஊசியை மாற்றித் தரவும், செய்முறைக் கையேட்டைத் திருத்தித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஆய்வகத்திற்குத் தங்கள் நிறுவனம் வழங்கிய ரெனால்ட்ஸ் கருவியில், வரிச்சீர் ஓட்டம் இருக்க வேண்டிய இடத்திலேயே சாயக்கோடு நெளிந்து கலைந்துவிடுகிறது. இது குறித்துத் தொலைபேசியில் தெரிவித்தபோது, தொட்டியில் நீர் முழுவதும் அடங்கிய பிறகு சோதனையைத் தொடங்குமாறு தங்கள் சேவைப் பொறியாளர் அறிவுறுத்தினார். அவ்வாறே தொட்டியை மாலையில் நிரப்பி, பம்பை நிறுத்தி, இரவு முழுவதும் அசையாமல் வைத்திருந்து மறுநாள் காலையில் சோதித்தோம். நெளிவு சற்றும் குறையவில்லை. ஆகவே குறை நீரில் இல்லை, கருவியின் அமைப்பில்தான் இருக்கிறது என்பதை எங்கள் அளவீடுகளுடன் இக்கடிதத்தில் விளக்க விரும்புகிறேன்.

மாணவர்கள் பதிவு செய்த ஓர் அளவீட்டையே எடுத்துக்கொள்கிறேன். வெளியேறும் நீர் 1 லிட்டர் சேர 52 விநாடிகள் ஆயின. தங்கள் கையேட்டிலுள்ள Re = 4Q / (π D ν) என்ற சூத்திரத்தில், அதே கையேடு தரும் 25 மி.மீ. விட்டத்தையும், நீரின் இயக்கப் பாகுநிலையாக 1.0 × 10⁻⁶ மீ²/வி என்ற மதிப்பையும் இட்டால் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 980 என வருகிறது. அந்த நிலையில் சாயக்கோடு அலை அலையாக நெளிந்துகொண்டிருந்ததால், 980-இலேயே ஓட்டம் மாறத் தொடங்கிவிட்டது என்று மாணவர்கள் பதிவேட்டில் எழுதினார்கள். பாடநூலில் 2000 என்று படித்துவிட்டு வரும் மாணவர் தாம் கண்ணால் கண்டதை நம்புவதா, படித்ததை நம்புவதா என்று குழம்புவது இயல்பே.

முதலில் விட்டத்தைச் சரிபார்த்தோம். வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது 25 மி.மீ. என்பது அந்த அக்ரிலிக் குழாயின் வெளி விட்டம் என்றும், உள் விட்டம் 20 மி.மீ. மட்டுமே என்றும் தெரிந்தது. மேலும், கையேடு கூறும் பாகுநிலை 20° செல்சியஸ் நீருக்கு உரியது. எங்கள் தொட்டி நீரின் வெப்பநிலையோ 30° செல்சியஸ், அதற்குரிய மதிப்பு சுமார் 0.80 × 10⁻⁶ மீ²/வி. இவ்விரு பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்து, கையேட்டின்படி கணக்கிடும் ஒவ்வொரு எண்ணையும் உண்மையான மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவாகக் காட்டுகின்றன. மேற்சொன்ன அளவீட்டில் உண்மையான ரெனால்ட்ஸ் எண் சுமார் 1530 ஆகும்.

எனினும் 1530 என்பதும் கொந்தளிப்பு நிலைத்து நிற்கக்கூடிய எல்லைக்குக் கீழேதான் உள்ளது. அந்த ஓட்டத்தில் நுழைவாயிலில் ஏதேனும் குழப்பம் ஏற்பட்டாலும், நீர் குழாயில் முன்னேற முன்னேற அது அடங்கிவிட வேண்டும். உண்மையில் அதுவே நடந்தது: நெளிவு ஊசியின் அருகில் மிகுந்தும், கடைப்பக்கம் செல்லச் செல்லத் தணிந்தும் காணப்பட்டது. கொந்தளிப்பு தொடங்கும்போது சாயக்கோடு இப்படி நடந்துகொள்வதில்லை. அது குழாயில் வெகுதூரம் நேராகச் சென்று, திடீரெனக் குழாய் முழுவதும் சிதறி, மீண்டும் நேராகி, மீண்டும் சிதறும். எங்கள் கருவியில் தெரிந்த நெளிவுகளோ ஒழுங்கானவை. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் வந்தன. வால்வைத் திறந்து ஓட்டத்தை மிதமாகக் கூட்டியபோதும் அந்த இடைவெளி குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை.

இந்த மாறாத இடைவெளிதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. தங்கள் கருவியில் சாய ஊசி, குழாயின் மேற்புறத் துளை வழியாகச் செங்குத்தாக இறங்கி, குழாயின் நடுவில் ஓட்டத்தின் திசைக்கு வளைக்கப்பட்டிருக்கிறது. அதன் தண்டு 3 மி.மீ. தடிமனுள்ள பித்தளை, அதாவது 20 மி.மீ. குழாயில் ஓடும் நீரின் குறுக்கே ஓர் உருளை நிற்கிறது. மேற்சொன்ன அளவீட்டில் நீரின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 6 செ.மீ. ஆகும். அந்த வேகத்தையும் தண்டின் தடிமனையும் கொண்டு கணக்கிட்டால் தண்டுக்குரிய ரெனால்ட்ஸ் எண் சுமார் 230 வருகிறது. ஓட்டத்தின் குறுக்கே நிற்கும் உருளைக்குப் பின்னால், அதற்குரிய எண் சுமார் 47-ஐத் தாண்டியதுமே, இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று செல்லத் தொடங்கும் என்பது தாங்கள் அறிந்ததே. அச்சுழல்களின் இடைவெளி பெரும்பாலும் உருளையின் தடிமனைப் பொறுத்தது. அது தடிமனைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கும். 3 மி.மீ. தண்டுக்கு அது 15 மி.மீ. ஆகிறது, நாங்கள் கண்டதும் அதுவே. ஆகவே இந்தக் கருவியில் மாணவர்கள் பார்ப்பது குழாயின் ஓட்ட மாற்றத்தை அன்று, ஊசித் தண்டின் சுழல்களையே.

இதை உறுதிசெய்ய, தங்கள் ஊசியைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு, 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு நேரான நுண்குழாயைத் தொட்டியின் பக்கமிருந்து குழாய் வாயின் நடுவே, ஓட்டத்தின் திசையிலேயே நீட்டி வைத்தோம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் நீரைவிடக் கனமானதால் மெதுவான ஓட்டத்தில் அடியில் படியாதிருக்க மிகவும் நீர்க்கவைத்து, சாயம் வெளிவரும் வேகம் சுற்றியுள்ள நீரின் வேகத்தை ஒத்திருக்குமாறு சாயக் குடுவையின் உயரத்தையும் சரிசெய்தோம். அதே தொட்டி, அதே குழாய், அதே வால்வு. ஆயினும் 1530-இல் சாயக்கோடு கடைசி வரை இழை போல நேராக ஓடியது. உண்மையான எண் 2200-ஐ நெருங்கியபோதுதான் முதற் சிதறல்கள் தோன்றின. அதே ஓட்டத்தைத் தங்கள் கையேட்டின்படி கணக்கிட்டால் 1400 என்றே வரும் என்பதால், ஊசியை மட்டும் மாற்றிக் கையேட்டைத் திருத்தாமல் விடுவதும் தீர்வாகாது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. தங்கள் விலைப்பட்டியலில் மணிவாய் நுழைவு என்று குறிப்பிடப்பட்டிருக்க, வந்த குழாயின் வாய் செங்கோணமாக வெட்டப்பட்டு, விளிம்பு மழுங்கடிக்கப்படாமலேயே இருக்கிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் வெளியிட்ட ஆய்வில், மணிவாய் பொருத்திய கண்ணாடிக் குழாயையும் நன்கு அடங்கிய நீரையும் கொண்டு, சுமார் 12,000 வரை ஓட்டத்தைச் சீராக வைத்திருக்க முடிந்தது. மாறும் எண் நுழைவின் அமைதியைப் பொறுத்து மேலே நகரும் என்பதை மாணவர்களுக்குக் காட்டவே மணிவாயுள்ள கருவியைத் தேர்ந்தெடுத்தோம். இப்போதுள்ள குழாயில் அதைக் காட்ட வழியில்லை.

எனவே, குழாய் அச்சின் திசையில் தொட்டிப் பக்கமிருந்து நுழையும் 1 மி.மீ. சாய ஊசியும், விலைப்பட்டியலில் உறுதியளித்த மணிவாயும், பக்கத்துளை இல்லாத புதிய குழாயும் தங்கள் செலவில் பொருத்தித் தரப்பட வேண்டும். குழாயின் உள் விட்டத்தை அளந்து குறித்த சான்றும், 20° முதல் 35° செல்சியஸ் வரை நீரின் பாகுநிலை அட்டவணை சேர்த்த திருத்திய கையேடும் உடன் வர வேண்டும். இதே அமைப்பில் வேறு கல்லூரிகளுக்குக் கருவி அனுப்பியிருந்தால், அவர்களுக்கும் இத்திருத்தங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு முன் இப்பணி முடிய வேண்டியிருப்பதால், இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். அதற்குள் பதில் வராவிடில் கருவியைத் திருப்பி அனுப்பித் தொகையைத் திரும்பப் பெறும் நடவடிக்கையைக் கல்லூரி முதல்வர் வழியாகத் தொடங்குவோம்.

இணைப்பு: அளவீட்டுத் தாள்கள், இரு ஊசிகளிலும் எடுத்த சாயக்கோட்டின் ஒளிப்படங்கள், விலைப்பட்டியலின் நகல்.

இப்படிக்கு,
பொறுப்பு விரிவுரையாளர்,
பாய்ம இயக்கவியல் ஆய்வகம்.