விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்: சத்தமிடும் பொம்மைகளும் ஹெட்போன்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குகிறது. விடுமுறை என்றால் மாமா வருவார், அத்தை வருவார், கூடவே பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை ஒன்றும் வரும். வாங்கி வந்தவர் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவார். பொம்மை வீட்டிலேயே தங்கிவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இப்போது பொம்மைக்குப் பதில் ஹெட்போன் வருகிறது. இவை இரண்டைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

சென்ற வாரம் இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பொம்மையைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசினார்கள். திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை செல்போன் ஒன்றை ஒரு குழந்தை காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, பாட்டியிடம் பேசுவதுபோல் பேசிக் காட்டியது. மழலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொம்மையின் பாட்டு கடைசி வரிசையில் நின்ற எனக்கே காதைக் குத்தியது. அதன் ஒலியை அளந்து பார்க்கும்படி அறிவியல் ஆசிரியரிடம் சொன்னேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஐபோனுக்கென ஓர் ஒலி அளவிச் செயலியை இலவசமாகத் தருகிறது. அதை வைத்துத்தான் அளந்தார். ஆய்வகக் கருவி அளவுக்குத் துல்லியம் கிடைக்காது. நமக்கு அந்த அளவு போதும்.

பொம்மையை மேசையில் வைத்து அரை மீட்டர் தள்ளி அளந்தபோது 79 டெசிபல் இருந்தது. கால் மீட்டருக்கு நெருங்கியதும் 85 ஆனது. குழந்தை வைத்திருந்ததுபோல், காது இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு விரல் இடைவெளியில் வைத்தபோது 100-ஐத் தொட்டது. பொம்மை மாறவில்லை, பாட்டு மாறவில்லை. தூரம் மட்டும்தான் மாறியது. சிறிய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து இருக்கும் தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அரை மீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு வருவதற்குள் தூரம் நான்கு முறை பாதியாகிவிடுகிறது. கடைக்காரர் கையை நீட்டிப் பொம்மையை இயக்கிக் காட்டும்போது உங்கள் காதில் விழும் ஒலி வேறு, வீட்டில் குழந்தையின் காதுக்குள் போகும் ஒலி வேறு.

பொம்மைத் தரநிலைகளும் தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்கத் தரநிலைப்படி, பொம்மை செல்போன் போலக் காதில் வைத்து விளையாடும் பொருள் அரை மீட்டர் தூரத்தில் 65 டெசிபலைத் தாண்டக் கூடாது. மேசையிலும் தரையிலும் வைத்து விளையாடுபவை 85 வரை போகலாம். எங்கள் கையில் இருந்த செல்போன் இந்தக் கணக்கில் தேறவே தேறாது. தேறிய பொம்மைகளை வாங்கினால் கவலை இல்லையா என்றால், அங்கேதான் சிக்கல். தரையில் ஓட வேண்டிய போலீஸ் காரை எந்தக் குழந்தை தரையில் ஓட்டுகிறது? சைரன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அதைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்ளும். விளையாட்டு கீபோர்டின் மீது தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டே அதை வாசிக்கும். அரை மீட்டரில் 85 என்று விதிக்குள் அடங்கிய அதே பொருள், காதருகே போனதும் 100-ஐத் தாண்டிவிடும்.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். பொம்மையை உங்கள் காதருகே பிடித்து, முழு ஒலியில் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். நீங்களே முகத்தைச் சுளித்து விலக்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பித்தானும், முழுவதும் நிறுத்தும் சுவிட்சும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடைகளிலும் ரயில் நிலைய வாசலிலும் விற்கும் மலிவுப் பொம்மைகள் பலவற்றில் அதைத் தேடினாலும் கிடைக்காது. முத்திரை இருப்பதால் மட்டும் பொம்மை மெதுவாகப் பாடும் என்று பொருளில்லை; யாரோ சோதித்திருக்கிறார்கள் என்று மட்டும் பொருள்.

ஏற்கெனவே வீட்டிற்குள் வந்துவிட்ட பொம்மையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் பின்பக்கத்தில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும் இடம்தான் ஒலிபெருக்கி. பெட்டி ஒட்டும் அகலமான பிளாஸ்திரி டேப்பை அதன் மேல் இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிடுங்கள். நாங்கள் ஒட்டிய பிறகு அந்தச் செல்போனின் ஒலி நன்றாகவே அடங்கியது. குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் போதவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவது பொத்தான் பேட்டரியாக இருந்தால் உடனே பூட்டி வையுங்கள். அதை விழுங்கினால் நேரும் ஆபத்து காது கேளாமையைவிடப் பெரியது. பொட்டு வெடித் துப்பாக்கிக்கு மட்டும் இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. காதருகே ஒரே ஒரு முறை வெடித்தாலும் பாதிப்பு நேரலாம். அதை வாங்கவே வேண்டாம்.

இனி ஹெட்போன். இங்கே காதுக்கும் ஒலிக்கும் நடுவே தூரம் என்பதே இல்லை. அதனால் எவ்வளவு சத்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த தரநிலை, பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று ஓர் அளவைத் தருகிறது. ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 78 என்றால் 20 மணி, 81 என்றால் 10, 84 என்றால் 5, 87 என்றால் இரண்டரை, 90 என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்.

இதை நம் பள்ளிப் பேருந்தில் வைத்துப் பார்ப்போம். முக்கால் மணி நேரப் பயணம் செய்யும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் என்ஜின் இரைச்சலும், சன்னல் காற்றும், நாற்பது பிள்ளைகளின் பேச்சும் சேர்ந்து அங்கே ஏற்கெனவே பெரிய சத்தம். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று அவன் ஒலியைக் கூட்டுகிறான். கூட்டுவது தனக்கே தெரியாது. இரைச்சல் கூடக் கூட விரல் தானாகப் பித்தானுக்குப் போகும். 90 டெசிபலில் கேட்கிறான் என்று வைத்தால், திங்கள் காலை முக்கால் மணி, மாலையில் அரை மணி, அதோடு வாரத்தின் பங்கு தீர்ந்துவிட்டது. பஸ் இன்னும் அவன் தெருவுக்கு வந்து சேரவில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை அவன் கேட்பது அனைத்தும் அளவுக்கு மேல். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று நான் புலம்பவில்லை. அமைதியான அறையில் கேட்டால் இதே பாட்டுக்கு இவ்வளவு ஒலியே தேவைப்படாது.

குழந்தைகளுக்கான ஹெட்போன் பெட்டிகளில் ‘85 டெசிபலுக்கு மேல் போகாது’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 85 டெசிபல், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது தொழிற்கூடங்களில் வேலை செய்யும் பெரியவர்களுக்காக வந்த அளவு. மேலே சொன்ன கணக்கில் 85 என்றால் பிள்ளைக்கு வாரத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம்தான். பெட்டியில் உள்ள வரியை நம்பி நாள் முழுவதும் மாட்டிவிடுவது சரியல்ல. காதுக்குள் செருகும் சிறிய இயர்போனைவிடக் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் நல்லது. வெளிச் சத்தத்தை அது தடுப்பதால் ஒலியைக் கூட்டும் ஆசை குறையும். சிறு குழந்தையின் காதுக்குழாய் சிறியது என்பதால், செருகும் இயர்போனில் அதே அளவு ஒலி அதன் செவிப்பறையை இன்னும் கூடுதலாக அழுத்தும். பல செல்போன்களின் அமைப்புகளில் ஒலிக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் அதை 75 டெசிபலுக்கே இறக்கிப் பூட்டலாம். பிள்ளையின் கையில் போனைக் கொடுப்பதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் அளவில்தான் இருக்கின்றன. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் ஒலிகளைக் கேட்கும் பகுதி. அதனால் குழந்தைக்குச் சத்தம் கேட்கும், கூப்பிட்டால் திரும்பும். ஆனால் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். வகுப்பில் அது சொல்வதெழுதலில் பிழையாகத் தெரியும், கவனக்குறைவு என்று பெயர் வாங்கும். காதில் ‘ங்ங்’ என்று இரைகிறது என்று பிள்ளை சொன்னாலோ, டிவியின் ஒலியை நாளுக்கு நாள் கூட்டினாலோ, பாதி வாக்கியத்தில் ‘என்ன?’ என்று அடிக்கடி கேட்டாலோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு பிள்ளைகளிடம் பெரும்பாலும் காதுக் குறும்பியோ, சளி பிடித்த பின் செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீரோதான் காரணமாக இருக்கும். அவை சரியாகிவிடக்கூடியவை, வீட்டில் பட் வைத்துக் குடையாமல் இருந்தால் போதும். ஆடியோமெட்ரி என்னும் கேட்புப் பரிசோதனை செய்தால் எது காரணம் என்பது விளங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இருக்கிறது.

பள்ளி செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறை முடிந்து திறக்கும் நாள் முதல் பள்ளிப் பேருந்தில் ஹெட்போனுக்கும் இயர்போனுக்கும் அனுமதி இல்லை. வைத்திருந்தால் பேருந்து உதவியாளர் வாங்கி அலுவலகத்தில் ஒப்படைப்பார். பெற்றோர் வந்து பெற்றுக்கொள்ளலாம். ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் மழலையர் வகுப்பை உட்கார வைக்கும் வழக்கத்தையும் நிறுத்துகிறோம். அவர்கள் இனி நடு அரங்கில் இருப்பார்கள். புகைப்படம் எடுக்கக் கொஞ்சம் எட்ட நேரிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பொம்மையின் ஒலியை அளந்து பார்க்க விரும்புவோர், பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாலை நான்கு மணிக்குப் பிறகு அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுவரலாம். பேட்டரியோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்