செல்போன் தொலைவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய எண்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் போன் பேருந்தில் தொலைந்துவிட்டது. அன்றே சிம்மை நிறுத்திவிட்டார்கள். ஆனால் போனையே முடக்கச் சொன்னபோது சேவை நிறுவனத்தில் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கேட்டார்கள், அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்ததோ தொலைந்த அந்தப் போனில்தான். நல்லவேளையாக அந்த எண் அச்சிடப்பட்டிருந்த, போன் வந்த அட்டைப்பெட்டியை அவள் அம்மா தூக்கி எறியாமல் வைத்திருந்தார்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் கையில் இருக்கும் போனை எடுத்து, அழைப்புப் பகுதியில் *#06# என்று அழுத்துங்கள். உடனே எண்கள் திரையில் வரும். சில போன்களில் EID, வரிசை எண் என்று வேறு எண்களும் சேர்ந்து வருவதால் குழம்பிவிடுவோம், நமக்கு வேண்டியது IMEI என்ற பெயருக்கு எதிரே இருக்கும் 15 இலக்க எண். அதன் பின்னால் ஒரு சாய்கோடும் இரண்டு இலக்கங்களும் இருந்தால் அவற்றை விட்டுவிடலாம். இரண்டு சிம் போடும் போனுக்குப் பெரும்பாலும் இரண்டு எண்கள் உண்டு, இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்ற சிம் இடத்தின் வழியாகப் போன் தொடர்ந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது.

எழுதியதும் ஒரு முறை இலக்கங்களை எண்ணிப் பாருங்கள், 14தான் இருக்கிறது என்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் வாசிக்க, பிள்ளை திரையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். ரசீதோடு சேர்த்து வீட்டில் ஒரு நோட்டில் வையுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தயவுசெய்து போட வேண்டாம், பள்ளிக்கும் இந்த எண் தேவையில்லை.

சரி, போன் தொலைந்தே விட்டது என்றால்? முதலில் வேறொரு போனிலிருந்து அதே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தூரத்திலிருந்தே பூட்டிவிடுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், சிம்மை நிறுத்தியதும் அதன் டேட்டாவும் நின்றுவிடும், அப்புறம் பெரும்பாலும் வைஃபை கிடைத்தால்தான் போன் இருக்கும் இடம் தெரியும். ஆனால் இதிலேயே அரை நாளைக் கழித்துவிடாதீர்கள், வங்கி ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வரும்.

அடுத்து சேவை நிறுவனத்தை அழைத்து சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், கூடவே ஐஎம்இஐ எண்களைக் கொடுத்து போனையும் முடக்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். சிம்மை நிறுத்தினால் போனும் முடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, வேறு சிம் போட்டால் அது ஓடும். காவல்துறைப் புகார் நகல் கேட்டாலும் கேட்பார்கள். முடக்கக் கேட்டதற்கு அவர்கள் தரும் கோரிக்கை எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

முடக்கிய பிறகும் வைஃபையில் போன் இயங்கும், அதனால் உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் காப்பது திரைப் பூட்டுதான். போன் திரும்பக் கிடைத்தால் அந்தக் கோரிக்கை எண்ணைச் சொல்லித்தான் முடக்கத்தை நீக்கச் சொல்ல வேண்டும், அதுவரை எந்த சிம் போட்டாலும் இணைப்பு வராது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்