பொருள்: காலித் தொட்டிக்கு ‘ஃபுல்’ காட்டும் நீர்மட்டக் கருவி – ஐந்தாவது முறையாகப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே கோளாறுக்காக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரே பதில்தான் வந்தது.

மேல்தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாதபோதும் உங்கள் பெட்டியில் ஃபுல் விளக்கு எரிகிறது. அதனால் மோட்டார் ஓடுவதில்லை. விடிகாலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இரண்டு மாதமாக இந்த வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

உங்கள் அழைப்பு மையத்தில் பேசியவர், “தண்ணி இருந்தாத்தான் சார் ஃபுல் காட்டும், மேல ஏறிப் பாத்துட்டுப் பேசுங்க” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். அப்போது நான் திறந்த தொட்டிக்குப் பக்கத்தில், மூடியைக் கையில் பிடித்தபடிதான் நின்றிருந்தேன். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பெட்டியைக் கழற்றிக்கொண்டு சேவை மையத்துக்கு வரச் சொன்னீர்கள். அரை நாள் விடுப்பு போட்டு வந்தேன். அங்கே மூன்று ஒயர்களை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, ‘பெட்டியில் கோளாறு இல்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கோளாறு பெட்டியில் இல்லை என்றுதானே நானும் சொன்னேன்! தொட்டிக்குள் தொங்கும் கம்பிகளில் இருக்கும் கோளாறு மேசைமேல் எப்படித் தெரியும்?

உங்கள் ஆட்கள் செய்யாத சோதனையை நானே செய்தேன். தொட்டி காலியாக இருக்கும்போது பெட்டியில் ஃபுல் ஒயரை மட்டும் கழற்றினேன், விளக்கு அணைந்தது. ஆக, பெட்டி சரி. ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, தொட்டியின் முனையில் கழற்றினேன், அப்போதும் அணைந்தது. ஆக, நடுவில் ஓடும் ஒயரிலும் கசிவு இல்லை. மிச்சம் இருப்பது கம்பிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் மூடி மட்டும்தான். இதற்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. இதைச் செய்யாமல்தான் உங்கள் டெக்னீஷியன் இரண்டாவது தடவை வந்தபோது ஒயர் முழுவதையும் மாற்றி, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு போனார்.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பொதுக் கம்பிக்கும் ஃபுல் கம்பிக்கும் நடுவே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக உப்பு படிந்து, ஈரமாக இருந்தது. தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்த ஈர உப்பு வழியாகவே மின்சாரம் பாய்ந்து ஃபுல் விளக்கு எரிகிறது. இரண்டு கம்பிக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாது. போதாததற்கு, தொட்டியில் தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழேயே மூடியைப் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் தெறிக்கிறது, காய்கிறது, உப்பு ஏறுகிறது. வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்ததும் கருவி சரியாக வேலை செய்தது. பத்தே நாளில் பழைய கதை.

ஒயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு மீட்டரில் அளந்தேன். கம்பிகள் தண்ணீரைத் தொடும்போது சுமார் 6 கிலோ ஓம். தொட்டி காலியாக, உப்பு மட்டும் ஈரமாக இருக்கும்போது சுமார் 40. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் சென்சிட்டிவிட்டி திருகை இந்த இரண்டுக்கும் நடுவே வைத்திருந்தால், உப்பைத் தண்ணீர் என்று கருவி நினைத்திருக்காது. ஆனால் பொருத்தியவர் அதைக் கடைசி வரை திருகிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, ஃபுல் கம்பியின் நுனி பட்டதும் விளக்கு எரிகிற அளவுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் திருகி வைக்க வேண்டாமா? இது உங்கள் பொருள். உங்களுக்குத் தெரியாததா?

திருகை நானே குறைத்துவிடலாம். ஆனால் பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் சீட்டிலேயே போட்டிருக்கிறது. தவிர, அது தற்காலிக வழிதான். உப்பு தடிக்கத் தடிக்க அந்த 40 குறைந்துகொண்டே வரும். மறுபடியும் ஃபுல் காட்டும். உங்கள் பெட்டி கம்பிகளுக்கு டிசி மின்சாரம் அனுப்புகிறது, மீட்டரில் பார்த்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் டிசி ஓடினால் ஒரு கம்பியில் படிவு ஏறும், இன்னொன்று அரிக்கும். இதைத் தெரிந்துதான் விற்கிறீர்களா?

சரி, சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. கம்பிகள் நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும் மூடியைக் கொடுங்கள். அதைத் தண்ணீர் தெறிக்காத மூலையில் பொருத்துங்கள். எங்கள் தண்ணீரை வைத்தே திருகைச் சரிசெய்து, அளவைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஏசி மின்சாரத்தில் கம்பிகளைச் சோதிக்கும் பெட்டி உங்களிடம் இருந்தால் இதற்குப் பதிலாக அதைத் தாருங்கள். தேவையில்லாமல் மாற்றிய ஒயருக்கு வாங்கிய பணம் திரும்ப வர வேண்டும்.

7 நாள் காத்திருப்பேன். அதற்குள் மீட்டரோடு ஒருவர் வரவில்லையென்றால், இந்த ஐந்து கடிதங்களையும் சேவை மையச் சீட்டையும் உப்பு படிந்த மூடியின் படங்களையும் நுகர்வோர் நீதிமன்றத்தில் கொடுப்பேன். வருகிறவரைத் தயவுசெய்து பகலில் அனுப்புங்கள், ஏணி நானே தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்